வாங்கி வந்த செடி இலை கொட்டுகிறதா? மலையக வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

பேராதனை, கம்பஹா பக்கத்து நர்சரிகளில் வளர்ந்த குரோட்டன், பைகஸ், அந்தூரியம் எல்லாம் லொறி ஏறி அற்றனுக்கும் தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் வருகின்றன. கடையில் பளபளவென்று நின்ற செடி, வீட்டுக்கு வந்த பத்துப் பதினைந்து நாளில் இலை கொட்டத் தொடங்கும். உடனே வீட்டில் ஒருவர் "தண்ணி பத்தல" என்பார், இன்னொருவர் "உரம் போடு" என்பார். என்னிடம் வந்து சேரும் செடிகளில் பெரும்பாலானவை நோயால் சாகக் கிடந்தவை அல்ல. இடம் மாறிய களைப்பில் இலை உதிர்த்தபோது, பாவம் பார்த்து ஊற்றிய தண்ணீரால் வேர் அழுகியவை.

கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,800 மீற்றருக்கும் மேல். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகைக்குக் குறையாமல் குளிரும். மேலே மூடுபனி, குறைந்த வெயில், ஈரக் காற்று. கீழே ஒரு நாளில் குடித்த தண்ணீரைச் செடி இங்கே குடிக்க ஒரு வாரம் எடுக்கலாம். "தினமும் ஊத்துங்க" என்று கடைக்காரர் சொன்னது பொய்யல்ல, அவருடைய ஊருக்குச் சரியான பேச்சு.

இந்த வழிமுறை மேலே சொன்ன மூன்றையும், அவற்றைப் போல வெப்பத்தில் வளர்ந்த மற்ற வீட்டுச் செடிகளையும் பற்றியது. ரோஜா, ஹைட்ரேஞ்சியா போன்ற குளிர் நாட்டுச் செடிகளுக்குக் கணக்கு வேறு.

## எதையும் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலில் நுனி. தண்டின் உச்சியிலுள்ள மொட்டு பச்சையாக, அழுத்தினால் இறுக்கமாக இருக்கிறதா? நுனி நன்றாக இருந்தால் செடி போராடிக்கொண்டிருக்கிறது. நுனி கறுத்து வளைந்திருந்தால் கீழே எத்தனை பச்சை இலை நின்றாலும் ஆபத்துத்தான்.

அடுத்தது தண்டின் உயிர். நகத்தால் தோலை ஒரு நெல்மணி அளவு சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. மண்ணிறமாகக் காய்ந்திருந்தால் இன்னும் கீழே இறங்கிச் சுரண்டுங்கள், பச்சை எங்கே தொடங்குகிறது என்று தெரியும். பைகஸில் இது இன்னும் எளிது: உயிருள்ள கிளையைக் குத்தினால் வெள்ளைப் பால் வரும். அந்தப் பாலும் குரோட்டன் பாலும் தோலை அரிக்கக்கூடியவை. கையைக் கழுவிவிட்டுத்தான் கண்ணைத் தொட வேண்டும்.

மூன்றாவது சாடியின் கனம். தூக்கிப் பாருங்கள். பிறகு சுண்டுவிரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். மேல்மண் காய்ந்து அடிமண் சொதசொதவென்று இருப்பது இங்கே சாதாரணம். அதனால் மேலே பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

கடைசியாக, விழுந்த இலைகள். அவற்றை வீசாமல் ஒரு பையில் போட்டு வாரம் ஒருமுறை எண்ணுங்கள். இந்த வாரம் விழுந்தது போன வாரத்தைவிடக் குறைவு என்றால் செடி பழகிக்கொண்டிருக்கிறது. மூன்று வாரம் தொடர்ந்து கூடிக்கொண்டே போனால் வேறு ஏதோ நடக்கிறது. இந்த எண்ணிக்கையை நான் மிகவும் நம்புகிறேன். தினமும் பார்க்கிற கண்ணுக்கு எப்போதும் "இன்னும் கொட்டுது" என்றுதான் படும்.

## அறிகுறி 1: அடி இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுகின்றன, நுனி நன்றாக இருக்கிறது

இதுதான் பழகும் காலத்து உதிர்வு. நர்சரி வெளிச்சத்துக்கென்று வைத்திருந்த இலைகளில் சிலவற்றை உங்கள் வீட்டு வெளிச்சத்தில் செடியால் தாங்க முடியாது, அடியிலுள்ள பழையவற்றை முதலில் கைவிடும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இலை சுத்தமாகக் கழன்று வரும், அங்கே ஈரமோ அழுகலோ இருக்காது.

மிக எளிய காரணம் வெளிச்சம். லயத்து அறையின் உள்மூலையிலோ அலுமாரிக்குப் பக்கத்திலோ இருந்தால் ஜன்னலுக்கு நான்கு அடிக்குள் கொண்டு வாருங்கள். கிழக்கு ஜன்னல் சிறந்தது. பகலில் செடி நிற்கும் இடத்தில் விளக்குப் போடாமல் பத்திரிகை வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் செடிக்கும் அது போதாது.

ஒருமுறை இடத்தை மாற்றிய பிறகு மறுபடி நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் பைகஸ் மறுபடி இலை கொட்டும். உரம் வேண்டாம், சாடி மாற்றவும் வேண்டாம். கீழ்நாட்டில் நான்கு வாரத்தில் நின்றுவிடும் உதிர்வு நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் ஆறு, எட்டு வாரம்கூட நீளலாம். குளிரில் எல்லாமே மெதுவாக நடக்கும். நுனியில் புதிய இலை விரிந்தால் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

## அறிகுறி 2: பச்சை இலைகள் ஓரிரு நாளில் மொத்தமாகக் கொட்டுகின்றன

பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் இதுவும் பெரும்பாலும் நோயல்ல. நான் கேட்கும் முதல் கேள்வி: "செடி எங்கே நிற்குது, அடுப்பு எங்கே இருக்கு?"

விறகுப் புகையில் எத்திலீன் என்ற வாயு இருக்கிறது. மிகச் சிறிய அளவே குரோட்டனையும் பைகஸையும் பச்சை இலையை உதிர்க்க வைக்கும். மழைக்காலத்தில் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு விறகடுப்பு எரியும் வீட்டில், சமையலறையிலோ அதற்கு வாசல் திறந்த அறையிலோ இருக்கும் செடிக்கு இது நடக்கும். பழுத்த வாழைக்குலை தொங்கும் மூலையும் அப்படித்தான், அதிலிருந்தும் அதே வாயு வரும். வேறு அறைக்கு மாற்றினால் ஒரு வாரத்துக்குள் உதிர்வு தணிய வேண்டும்.

புகை இல்லையென்றால் பயணத்தை நினைத்துப் பாருங்கள். தார்ப்பாய் மூடிய லொறியில் இரண்டு நாள் இருட்டில் கிடந்ததா? பஸ் ஜன்னலோரம் காற்றடித்து வந்ததா? அப்படியானால் அடி பயணத்திலேயே பட்டுவிட்டது, இலை இப்போதுதான் விழுகிறது. செய்ய ஒன்றுமில்லை. தண்டைச் சுரண்டிப் பச்சை இருப்பதை உறுதிசெய்துகொண்டு, தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள். இலையில்லாத செடி தண்ணீர் குடிப்பதில்லை. இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான வீடுகளில் தண்ணீரைக் கூட்டிவிடுகிறார்கள், அடுத்த அறிகுறி அங்கிருந்துதான் பிறக்கிறது.

## அறிகுறி 3: மண் ஈரமாக இருந்தும் இலை வாடித் தொங்கி, மஞ்சளாகி விழுகிறது

இது உண்மையான நோய். வேர் அழுகல். செடி தாகத்தில் வாடுவது போலவே தெரியும். அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, அதனால் ஈரத்துக்கு நடுவிலேயே செடி வாடுகிறது. நுனி இலையும் அடி இலையும் சேர்ந்தே மஞ்சளாகும். சாடியைத் தூக்கினால் கனக்கும்.

முதலில் வெளிச்சாடியைப் பாருங்கள். அழகுக்காகப் போட்ட ஓட்டையில்லாத சாடியின் அடியில் தண்ணீர் நிற்கிறதா? நின்றால் அதைக் கொட்டிவிட்டு, உள்சாடியை இரண்டு செங்கல் துண்டின் மேல் வையுங்கள். வேர் இன்னும் கெடவில்லையென்றால் இதுவே போதும்.

அடுத்து மணம். சாடியின் அடி ஓட்டையில் முகர்ந்து பாருங்கள். காட்டு மண் வாசம் வந்தால் நல்லது. சாக்கடை வாசம் வந்தால் செடியை வெளியே எடுக்காமல் தீராது.

பிறகு வேர். சாடியைச் சாய்த்து, பக்கத்தைத் தட்டி, மண்கட்டியோடு உருவுங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ மங்கிய மஞ்சளாகவோ இருக்கும், இழுத்தால் இறுக்கமாக நிற்கும். அழுகிய வேரை விரலால் இழுத்தால் தோல் உறையாகக் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். மண்ணிறமாக இருந்தாலும் இறுக்கமாக நின்றால் வெட்டாதீர்கள், தும்புத்தூளின் கறையில் நல்ல வேரும் நிறம் மாறித் தெரியும்.

மூன்றில் ஒரு பங்குக்குள் அழுகியிருந்தால் செடி பெரும்பாலும் பிழைக்கும். சுத்தமான கத்தரியால் அழுகியதை நல்ல வேர் தொடங்கும் இடம்வரை வெட்டுங்கள். பாதிக்கு மேல் போயிருந்தால், இருக்கிற இலையிலும் பாதியைக் கழித்துவிட வேண்டும், மிஞ்சிய வேரால் அவ்வளவு இலையைக் காப்பாற்ற முடியாது. வேர் முழுவதும் போய்த் தண்டு மட்டும் பச்சையாக இருந்தால் தாய்ச் செடியை விட்டுவிட்டு, நுனியிலிருந்து ஒரு சாண் துண்டு எடுத்து மணலில் ஊன்றிப் பாருங்கள். குரோட்டன் வேர் விடும், ஆனால் குளிர் மாதங்களில் நீண்ட பொறுமை வேண்டும்.

மறுபடி நடும்போது தேயிலை மலையிலிருந்து மண் எடுத்துப் போடாதீர்கள். தேயிலைக்கு நல்ல மண் சாடிக்குள் களிபோல இறுகி, காற்றே போகாமல் ஆகிவிடும். கழுவிய தும்புத்தூள் இரண்டு பங்கு, பருமனான ஆற்றுமணல் ஒரு பங்கு, உடைத்த கரித்துண்டோ கருக்கிய உமியோ ஒரு பங்கு, இதுதான் நான் போடும் கலவை. சாடி பழையதைவிடப் பெரிதாக வேண்டாம். மிஞ்சிய வேர்க்கட்டியைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி போதும். பெரிய சாடியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே நின்று திரும்பவும் அழுகும்.

நட்டதும் ஒருமுறை மட்டும் ஊற்றுங்கள். அடுத்தது விரல் இரண்டு அங்குல ஆழத்தில் காய்ந்த மண்ணைத் தொடும்போதுதான். விடியற்காலைக் குழாய்த் தண்ணீர் இங்கே கையை விறைக்க வைக்கும். அதை ஒரு வாளியில் பிடித்து மத்தியானம்வரை வைத்துவிட்டு ஊற்றுவது நல்லது. பூஞ்சணக் கொல்லி வாங்கி ஊற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். செத்த வேரை அது எழுப்பாது. தண்ணீர்ப் பழக்கம் மாறாவிட்டால் அடுத்த மாதமும் அதே நிலைதான்.

### தலவாக்கலையில் ஒரு பைகஸ்

பக்கத்து வீட்டு அக்கா ஜூன் மாத மழையில், பேராதனைப் பக்கத்திலிருந்து மூன்றடி உயரப் பைகஸ் ஒன்றை பஸ்ஸில் கொண்டு வந்தார். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று சமையலறை வாசலில் வைத்தார். முதல் வாரத்திலேயே பச்சை இலைகள் கொட்டின. தினமும் ஒரு குவளை ஊற்றினார். அடுத்த வாரம் மிச்ச இலையும் மஞ்சளாகித் தொங்கியது.

"செத்துப்போச்சா தம்பி?" என்று கேட்டார். மேல்கிளையைக் குத்தியதும் பால் வந்தது. "உசிரு இருக்குக்கா. தண்ணிய மட்டும் நிப்பாட்டுங்க" என்றேன். நடந்தவை இரண்டு. முதலில் கொட்டிய பச்சை இலைகளுக்குக் காரணம் அடுப்புப் புகை. பின்னால் வந்த மஞ்சளுக்குக் காரணம் வேர். வெளிச்சாடியின் அடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் நின்றது. உருவிப் பார்த்தபோது அடியிலும் ஓரத்திலும் இருந்த வேர்கள் உறையாகக் கழன்றன, நடுக்கட்டி வெள்ளையாகவே இருந்தது. ஏறக்குறைய கால் பங்கு வெட்டுப்பட்டது.

புதிய கலவையில் அதே சாடியிலேயே நட்டு, முன்னறையின் கிழக்கு ஜன்னலோரம் வைத்தோம். அடுத்த தண்ணீர் பத்து நாள் கழித்துத்தான் தேவைப்பட்டது. மூன்றாவது வாரம் விழும் இலைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தன. நுனியில் கூர்மையான மொட்டுகள் ஆகஸ்டில் தெரிந்தன. இடையில் ஒரு நாள்கூட உரம் போடவில்லை.

## அறிகுறி 4: இலை ஓரம் கருகி, மொறுமொறுவென்று காய்ந்து விழுகிறது

சாடி இறகுபோல் இருக்கிறதா? முற்றாகக் காய்ந்த தும்புத்தூள் தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றுவது சாடியின் ஓரமாக ஓடி அடியால் வந்துவிடும், ஊற்றியவருக்கு நனைந்துவிட்டது போலத் தோன்றும். ஒரு பேசினில் இளஞ்சூடான தண்ணீர் வைத்து, சாடியின் பாதி மூழ்கும்படி அரை மணி நேரம் நிறுத்துங்கள். வடியவிட்டு எடுத்து வையுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட்வரை பண்டாரவளை, பதுளை, வெலிமடைப் பக்கம் கச்சான் காற்று வறண்டு வீசும்போது இது அதிகம். அதே மாதங்களில் அற்றனில் மழை கொட்டும். ஆகவே அற்றன்காரர் சொல்லும் தண்ணீர்க் கணக்கைப் பண்டாரவளைக்காரர் கேட்கக் கூடாது.

சாடி கனமாக இருந்தும் ஓரம் கருகினால் உரத்தைச் சந்தேகியுங்கள். தேயிலைக்குப் போடும் யூரியா கலந்த உரம் தோட்ட வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒரு பிடி அள்ளிச் சாடியில் போட்டால் சில நாளில் இலை ஓரமெல்லாம் கருகும். தெரிகிற உரத்தைப் பொறுக்கி எடுத்துவிட்டு, சாடியின் கொள்ளளவைப் போல மூன்று நான்கு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியால் ஓடவிடுங்கள். முழுவதும் வடியவிட்ட பிறகு, விரலுக்குக் காய்ந்த மண் தட்டும்வரை மறுபடி ஊற்ற வேண்டாம்.

## அறிகுறி 5: இலையில் கறுத்த, நீர் கோத்த திட்டுகள்

ஒரே இரவில், ஜன்னல் கண்ணாடியைத் தொட்ட பக்கத்தில் மட்டும் வந்திருந்தால் அது குளிர்க் காயம். நுவரெலியாவில் டிசம்பர் முதல் பெப்ரவரிவரை சில இரவுகளில் புல்லில் உறைபனியே விழும். இந்த வெப்பச் செடிகள் பத்துப் பாகைக்குக் கீழே காயப்படலாம். மாலையில் கண்ணாடியிலிருந்து இரண்டடி உள்ளே நகர்த்துங்கள், அல்லது திரைச்சீலையைச் செடிக்கும் கண்ணாடிக்கும் இடையில் இழுத்துவிடுங்கள். காயப்பட்ட இலை விழும், திட்டு பரவாது.

பரவினால் குளிர் அல்ல. அந்தூரியத்தில் இலையின் ஓரத்தில் நீர் கோத்த புள்ளி தொடங்கி, மண்ணிறமாகி, சுற்றிலும் மஞ்சள் வளையம் வந்து, இலைக்கு இலை தாவினால் அது பக்டீரியாக் கருகலாக இருக்கலாம். அதற்கு வீட்டில் மருந்தில்லை. உடனே மற்ற அந்தூரியங்களிடமிருந்து பிரித்துவிடுங்கள், இலைமேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்துங்கள், அந்தச் செடியை வெட்டிய கத்தியால் வேறொன்றை வெட்டாதீர்கள்.

## அறிகுறி 6: இலை மங்கிப் புள்ளி விழுந்து, பிசுபிசுத்து உதிர்கிறது

பூச்சி. வெள்ளைத் தாளை இலைக்குக் கீழே பிடித்துத் தட்டுங்கள். தூசு போன்றது நகர்ந்தால் சிலந்திப் பேன். காம்பு இடுக்கில் பஞ்சு போல இருந்தால் மாவுப்பூச்சி. குளியலறையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சவர்க்காரம் கலந்து மாலையில் தெளியுங்கள். முதலில் ஒரே இலையில் தெளித்து மறுநாள் பாருங்கள். வாரம் ஒருமுறை, மூன்று முறை. மாவுப்பூச்சியை அதற்கு முன்பு ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து எடுக்க வேண்டும். இந்தச் செடி தனியறையில் இருப்பது நல்லது.

## எப்போது ஆளைக் கேட்க வேண்டும்

மேலே சொன்னதைச் செய்தும் மூன்று வாரம் இலை எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால், ஒரே அறிகுறி இரண்டாவது செடிக்குத் தாவினால், வேரில் பாசிமணி கோத்தது போல முடிச்சுகள் இருந்தால், கறுப்பு தண்டின் அடியிலிருந்து மேலே ஏறினால், அதற்குமேல் வீட்டில் தடவிக்கொண்டிருக்காதீர்கள். வேர் முடிச்சு புழுவின் வேலை, அது உங்கள் மரக்கறித் தோட்டத்துக்கும் போகும்.

உங்கள் பிரதேசத்துக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பார்க்கலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். நேரில் போவதென்றால் முற்றாகக் காய்ந்த இலையைக் கொண்டுபோகாதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. பாதி கெட்டுப் பாதி நன்றாக இருக்கும் இலைகள் மூன்று நான்கை நனைக்காமல் பத்திரிகைத் தாளில் சுற்றுங்கள். ஒரு பிடி வேரை மண்ணோடு வேறொரு பொலித்தீன் பையில் கட்டுங்கள். வாங்கிய நாள், நிற்கும் இடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர், என்ன உரம் போட்டீர்கள் என்பதையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்விகள் அவைதான்.

செடியைக் கழிக்கத்தான் வேண்டுமென்று முடிவானால் மண்ணோடு சேர்த்துப் பையில் கட்டி அகற்றுங்கள், பசளைக் குழியில் போட வேண்டாம். சாடியைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு வெளுக்கும் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்ததில் பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி வெயிலில் காயவைத்த பிறகுதான் அடுத்த செடிக்கு எடுக்கலாம்.